அம்மாவுக்குக் காது மெஷின்: விலையைக் கேட்காதீர்கள், ஐந்து வருடக் கணக்கைக் கேளுங்கள்

காது மெஷின் வாங்க வரும் குடும்பத்தில் பேசுவது பெரும்பாலும் பிள்ளைதான். "நல்ல மெஷின் என்ன விலை மேடம்?" என்பார். கருவியை மாட்டிக்கொள்ளப் போகிற அம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்பியல் நிபுணராக, அதாவது ஆடியாலஜிஸ்டாக, இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. இன்று எங்கள் பக்கம் அடிப்படை டிஜிட்டல் மெஷின் ஒரு காதுக்கு 15,000 முதல் 25,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உயர்ரகம் ஒரு காதுக்கே ஒன்றரை லட்சத்தைத் தாண்டிப் போகிறது. இரண்டுமே அந்த அம்மாவுக்குப் பொருந்தலாம், இரண்டுமே வீணாகவும் போகலாம். எது என்று தெரிய மூன்று விஷயங்கள் வேண்டும்: காது எந்த ஒலியை எவ்வளவு கேட்கிறது என்று அளந்து காட்டும் ஆடியோகிராம், அவர் ஒரு நாளில் எங்கெல்லாம் யாரோடு பேசுகிறார் என்பது, அப்புறம் ஐந்து வருடத்துக்கான மொத்தச் செலவு.

ஐந்து வருடம் என்று சொல்லக் காரணம், ஒரு காது மெஷினின் நியாயமான ஆயுள் அவ்வளவுதான். நான்கு முதல் ஆறு வருடம் ஓடும். தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வியர்வையிலும் காது அழுக்கிலும் கிடக்கும் மின்னணுப் பொருள் அது. எங்கள் கடலோர ஈரக்காற்று அதற்குக் கொஞ்சமும் ஆகாது. விலை அதிகம் என்பதால் ஆயுளும் அதிகமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. 20,000 ரூபாய் மெஷினும் ஒன்றரை லட்ச ரூபாய் மெஷினும் கிட்டத்தட்ட ஒரே வயதில்தான் ஓய்ந்துபோகும். அதற்குள் அம்மாவின் கேட்கும் திறனும் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஒரு குடும்பத்தின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு 74 வயது, இளைய மகன் வீட்டில் இருக்கிறார். பெங்களூரில் வேலை செய்யும் மூத்த மகன், "இருக்கிறதிலேயே பெஸ்ட்டா போட்டுடுங்க மேடம்" என்றார். அம்மா, "எனக்கு எதுக்குப்பா இவ்வளவு காசு, சின்னதா ஒண்ணு போதும்டா" என்றார். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பிக் காதைப் பார்க்கச் சொன்னேன். அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்த பிறகு அளவே மாறிவிடும். மெஷின் பேச்சு அதற்கு அப்புறம்தான். காது சுத்தமாக இருந்தது. ஆடியோகிராமில் இரண்டு காதிலும் சராசரியாக 50 டெசிபெல்லை ஒட்டிய இழப்பு, நடுத்தர அளவு. போதுமான சத்தத்தில் சொன்ன சொற்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சரியாகத் திருப்பிச் சொன்னார். இந்த இரண்டாவது எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. சத்தத்தைக் கூட்டினால் பேச்சு புரியுமா என்பதை அதுதான் காட்டுகிறது. அது முப்பது, நாற்பது என்று இருந்தால் எத்தனை லட்சம் கொட்டினாலும் மெஷின் அதை எண்பது ஆக்காது.

அடுத்து அவருடைய நாள். வீட்டில் நான்கு பேர், சாயங்காலம் டிவி, வாரம் ஒரு முறை கோயில், மகளோடு போனில் பேச்சு. கல்யாண மண்டபத்துக்கு வருடத்தில் சில தடவை போவார். சத்தமான இடத்தில் பல பேரோடு பேச வேண்டிய தேவை அவருக்குக் குறைவு.

இப்போது கணக்கு. காதுக்குப் பின்னால் வைக்கும் அடிப்படை மெஷின் ஒன்று 18,000 என்று வைத்தால் இரண்டு காதுக்கு 36,000. காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் அதைச் சேர்த்திருந்தால் கேளுங்கள். காதின் அச்செடுத்துச் செய்யும் மோல்டு இரண்டுக்கு 2,400. பேட்டரிதான் பலர் மறக்கும் செலவு. இந்த ரகத்துக்கு ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டிய 13-ஆம் எண் பேட்டரி. நாளெல்லாம் போட்டால் சுமார் 12 நாள் வரும். இரண்டு காதுக்கும் சேர்த்து வருடத்துக்கு 60 பேட்டரி. ஆறு கொண்ட அட்டை 250 ரூபாய் என்றால் வருடம் 2,500, ஐந்து வருடத்துக்கு 12,500. ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும், அப்புறம் மெஷினில் போடாமல் வைத்தாலும் தீர்ந்துகொண்டே போகும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று முன்னாலேயே உரித்து வைப்பது காசை வீணடிப்பதுதான்.

மோல்டில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை மாற்ற இரண்டு காதுக்கும் சேர்த்து 800, ஐந்து வருடத்தில் 4,000. காதின் உருவம் மெல்ல மாறுவதால் இடையில் ஒருமுறை மோல்டைப் புதிதாகச் செய்ய இன்னொரு 2,400. உத்தரவாதம் இரண்டு வருடம். மீதி மூன்று வருடத்துக்குப் பழுதுபார்க்க வருடம் 2,000 வீதம் 6,000 ஒதுக்கினோம். எல்லாம் கூட்டினால் 63,300. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். வாங்கும் விலை 36,000 மட்டுமே. கூடவே வரும் செலவு அதன் முக்கால் பங்கு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூத்த மகன் கேட்டது ரீசார்ஜ் ஆகும் ஆர்ஐசி வகை, ஸ்பீக்கர் காதுக்குள்ளேயே இருக்கும் மெல்லிய மாதிரி. சார்ஜரோடு இரண்டு காதுக்கு 2,80,000. பேட்டரி வாங்க வேண்டாம். ஆனால் அழுக்குத் தடுக்கும் வாக்ஸ் ஃபில்டரும் காதுக்குள் நுழையும் ரப்பர் முனையான டோமும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பத்தாயிரம் ஆகும். உத்தரவாதம் முடிந்த பிறகு காதுக்குள் இருக்கும் அந்த ஸ்பீக்கர், நாங்கள் ரிசீவர் என்போம், ஒருமுறையாவது போகும், இரண்டுக்கும் 16,000. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி நான்காவது, ஐந்தாவது வருடத்தில் தளரும், அதற்கு 12,000. மொத்தம் 3,18,000 ரூபாயை ஒட்டி. அந்தப் பணத்தில் அடிப்படை ஜோடியை ஐந்து முறை வாங்கி, ஒவ்வொன்றையும் ஐந்து வருடம் பராமரிக்கலாம்.

சரி, அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது? இரைச்சலில் பேச்சைப் பிரித்துக் காட்ட, எதிரில் இருப்பவர் பக்கம் மைக்கைக் குவிக்க, இடத்துக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ள, போனோடு ப்ளூடூத்தில் இணைய. அமைதியான அறையில் ஒருவரோடு பேசும்போது இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேலையே இல்லை. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். லேசான, நடுத்தர இழப்புள்ள 25 முதியவர்களுக்கு இரண்டு கம்பெனிகளின் அடிப்படை, உயர்ரக மெஷின்களை ஒவ்வொன்றாக ஒரு மாதம் போடக் கொடுத்தார்கள். எது எந்த ரகம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. எல்லா மெஷினும் உதவியது. பேச்சு புரிவதில் உயர்ரகம் மேலே நிற்கவில்லை. ஆய்வு சின்னது, மெஷின்களும் அந்தக் காலத்தவை. ஆனாலும் நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. கடையில் "16 சேனல், 32 சேனல்" என்று அடுக்கும்போது, உங்கள் அம்மாவின் ஆடியோகிராமுக்கு அது எப்படி உதவும் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

உயர்ரகம் தேவைப்படும் ஆட்களும் உண்டு. ஓய்வுக்குப் பிறகும் வகுப்பெடுப்பவர், சங்கக் கூட்டம் நடத்துபவர், தினமும் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர். தாழ்ந்த ஒலி நன்றாகவும் உயர்ந்த ஒலி மட்டும் செங்குத்தாகச் சரிந்தும் இருப்பவருக்கு, காதை அடைக்காத டோம் போட்ட ஆர்ஐசி வசதி. அதுவும் நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. விரல் நடுங்கும், பார்வை மங்கிய பெரியவருக்குச் சின்ன பேட்டரியை மாற்றுவது பெரிய பாடு. அவருக்கு ரீசார்ஜ் வகைக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

பணம் குறைவாக இருந்தால் நான் சொல்வது: ஒரு காதுக்கு உயர்ரகம் வாங்குவதைவிட இரண்டு காதுக்கும் அடிப்படை ரகம் வாங்குங்கள். சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று தெரியவும் இரைச்சலில் பேச்சைப் பிடிக்கவும் இரண்டு காதும் வேண்டும். ஒரு காதில் பேச்சு புரியும் அளவு மிகவும் குறைவாக இருந்தால் மட்டும் இது பொருந்தாது. இணையத்தில் ஆயிரம் ஆயிரத்தைந்நூறுக்கு விற்கும் ஒலிபெருக்கிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை எல்லா ஒலியையும் ஒரே மாதிரி ஏற்றும். பாத்திரம் விழும் சத்தத்தில் அம்மா பதறி அதைக் கழற்றிப் போடுவார்.

வசதியில்லாத குடும்பங்களுக்கு அரசு வழி இருக்கிறது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017-ல் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள மூத்த குடிமக்களுக்குக் காது மெஷின், கண்ணாடி, பல்செட் போன்றவை அதில் இலவசம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் மூலம் வாங்கலாம் என்று பலர் அலைகிறார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபெல் இழப்பு இருந்தால்தான் அந்த வரையறைக்குள் வரும். மேலே சொன்ன அம்மா அதில் வரமாட்டார்.

அந்தக் குடும்பம் கடைசியில் அடிப்படை ஜோடியை எடுத்தது. மூத்த மகனுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. அம்மா இரண்டு மெஷினையும் மாட்டிக்கொண்டு வெளியே ஹாலில் இளைய மகனின் மகளோடு கொஞ்ச நேரம் பேசியதைப் பார்த்த பிறகுதான் சரி என்றார். வாங்குவதற்கு முன் இப்படிப் போட்டுப் பேசிப் பார்க்க விடாத இடத்தில் வாங்க வேண்டாம். பில்லில் மாடல் பெயர், இரண்டு மெஷினின் சீரியல் எண், உத்தரவாதக் காலம், பின்னால் அளவு சரிசெய்ய எத்தனை முறை இலவசமாக வரலாம் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் குறைந்தது இரண்டு முறையாவது வர வேண்டியிருக்கும். மெஷின் அலமாரிக்குள் போவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். புது பேட்டரி போட்டு மெஷினை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடியுங்கள். கொய்ங் என்று விசில் வந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் குழாயில் தண்ணீர்த் துளி, ஃபில்டரில் அழுக்கு இருக்கிறதா பாருங்கள். ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு வைத்தால் பாதிப் பழுது வராது. விசில் நன்றாக வந்தும் அம்மாவுக்குக் கேட்கவில்லை என்றால் புது ஆடியோகிராம் எடுங்கள். அளவு சற்று இறங்கியிருந்தால் பழைய மெஷினிலேயே கணினியில் ஏற்றிக் கொடுக்க முடியும், புதிது வேண்டாம். ஐந்து வருடம் தாண்டிய மெஷினுக்கு, புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழுதுச் செலவு சொன்னால், அந்தப் பணத்தை அடுத்த ஜோடியில் போடுங்கள். பழையது ஓடுகிற நிலையில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், புதியது சர்வீஸுக்குப் போகும் வாரத்தில் அம்மா அதைப் போட்டுக்கொள்ளலாம்.