டேப்பை வெட்டும் முன்பே வீடியோ ஓட வேண்டும்

நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். போன வருடம் ஒரு ஆசிரியை வந்தார். ஆன்லைனில் 18,000 ரூபாய்க்குப் புது போன் வாங்கியிருக்கிறார். வந்தது அதே மாடல்தான், ஆனால் ஓரத்தில் கீறல் விழுந்த பழைய போன். "பார்சல் பிரிச்சப்போ எடுத்த வீடியோ இருக்கு சார்" என்று நம்பிக்கையோடு காட்டினார்.

அது இரண்டு துண்டாக இருந்தது. முதல் துண்டில் பார்சலின் மேல்பக்கம் மட்டும் தெரிந்தது. அடுத்தது, டேப் வெட்டப்பட்ட பிறகு தொடங்கியது. நடுவில் கத்தரிக்கோல் எடுக்கப் போயிருக்கிறார், அவ்வளவுதான். விற்பனையாளர் தரப்போ அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது: "இது அவர் வீட்டிலிருந்த பழைய போன்." ஒவ்வொரு போனுக்கும் தனியாக ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண் உண்டு. இன்வாய்ஸில் இருந்த அந்த எண்ணும் போனில் இருந்த எண்ணும் வேறு வேறு என்று காட்டினோம். ஆனால் அந்தப் போன் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது என்று காட்ட எதுவும் இல்லை. கடைசியில் பாதித் தொகைக்குச் சமரசம் செய்துகொண்டார். எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

நாம் காட்ட வேண்டியது, ஒட்டிய நிலையில் வந்த இந்தப் பார்சலுக்குள் இந்தப் பொருள்தான் இருந்தது என்பதை. அதனால் கத்தரிக்கோலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனை எதிலாவது சாய்த்து நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். லேபிளில் உள்ள ஆர்டர் எண்ணும் கூரியர் எண்ணும் படிக்கும்படி தெளிவாக வரட்டும். அப்புறம் பெட்டியின் ஆறு பக்கத்தையும், டேப் ஒட்டிய விளிம்புகளையும் மெதுவாகக் காட்டுங்கள். ஏற்கெனவே பிரித்து ஒட்டிய டேப் இரட்டையாக இருக்கும், அல்லது அடியில் அட்டை கிழிந்திருக்கும். அதை அருகில் காட்டுங்கள். பொருள் வெளியே வரும்வரை பெட்டி படத்தைவிட்டு நகரக் கூடாது. போன் என்றால் அதே ஓட்டத்தில் சார்ஜ் ஏற்றி, `*#06#` அழுத்தி, திரையில் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பெட்டி ஸ்டிக்கரோடு சேர்த்துக் காட்டுங்கள். உடைந்த பொருள் என்றால் உள்ளே வைத்த தெர்மாகோல், பபிள் கவர் எப்படி இருந்தன என்பதும் பதிவாக வேண்டும். பேக்கிங் சரியில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

எடுத்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். அனுப்புவதற்கு நகலை வைத்துக்கொண்டு, மூலக் கோப்பை எடுத்த போனிலேயே அப்படியே விட்டுவிடுங்கள். வெட்டவோ, பாட்டுச் சேர்க்கவோ வேண்டாம். வழக்கு என்று வந்தால் 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்துக்குத் தரும் சான்றிதழில், அந்தக் கோப்பிலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் மதிப்பு என்ற அடையாளக் குறியீட்டையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டம் கறாராகப் பொருந்தாது என்றாலும், எதிர்த்தரப்பு முதலில் கேட்கும் கேள்வி "மூலக் கோப்பு எங்கே?" என்பதுதான்.

பார்சல் பெட்டியையும் லேபிளையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வீடியோவில் தெரிந்த அதே பெட்டியை ஆணையத்தில் மேசைமேல் வைக்க வேண்டியிருக்கும்.