டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகள்: அரசு அட்டவணையில் உள்ளதும் இல்லாததும்

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் தாய்மாரிடம் ஹெபடைடிஸ் ஏ பற்றிச் சொன்னால், "பிறந்தன்னிக்கே மஞ்சக்காமாலை ஊசி போட்டாச்சே" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படுவதும், பின்னர் 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசிக்குள் சேர்ந்து வருவதும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியாகும். அது இரத்தத்தின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் பரவும் நோயைத் தடுப்பது. தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ வேறு வைரஸ். அதற்கான ஊசியும் வேறு.

தேசிய தடுப்பூசி அட்டவணையின்படி அரசு இலவசமாக வழங்கும் ஊசிகளில், இதை எழுதும் வரை, டைஃபாய்டு ஊசியும் இல்லை, ஹெபடைடிஸ் ஏ ஊசியும் இல்லை. புதிய வகை டைஃபாய்டு ஊசியான கான்ஜுகேட் ஊசியைச் சேர்க்கலாம் என்று தடுப்பூசிக்கான தேசியத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு 2022இல் பரிந்துரைத்தது என்றாலும், பரிந்துரை வந்ததாலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வந்துவிட்டதாகப் பொருள் கொள்ள முடியாது. ஆகவே தாய் சேய் நல அட்டையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும் குழந்தைக்கும் இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லாமல் இருக்கலாம். குழந்தைநல மருத்துவரிடமோ தனியார் மருத்துவமனையிலோ பணம் கொடுத்துத்தான் இவற்றைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு தவணைக்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது வழக்கம். கையில் இருக்கும் பணத்துக்கு எந்த ஊசி, யாருக்கு முதலில் என்று தீர்மானிப்பதே இக்கடற்கரைக் குடும்பங்களின் உண்மையான சிக்கல். அதற்கு, மோசமான சுகாதாரச் சூழலில் இவ்விரு நோய்களும் நேர்மாறாக நடந்துகொள்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் டைஃபாய்டு. நெருக்கமான குடியிருப்பு, விட்டுவிட்டு வரும் குழாய்த் தண்ணீர், மணற்பாங்கான நிலத்தில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே தோண்டிய கழிவறைக் குழி ஆகியவை ஒன்றுசேரும் இடத்தில் இந்நோய் அதிகம். மணல் தண்ணீரை விரைவாக வடியவிடும். குழியின் கசிவும் அதே வேகத்தில் ஊற்றை எட்டும். 2017 முதல் 2020 வரை இந்தியாவில் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, நகர்ப்புறப் பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 576 முதல் 1,173 பேர் வரை டைஃபாய்டுக்கு ஆளாவதைக் காட்டியது. புனே அருகேயுள்ள கிராமப்புறத்தில் அந்த எண் 35 மட்டுமே. வறுமையோடு நெரிசலும் சேரும்போதுதான் நோய் பெருகுகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். வீடுகள் விலகி நிற்கும் உட்கிராமத்தைவிடச் சுவரோடு சுவர் ஒட்டிய மீனவர் குடியிருப்புக்கே இந்த ஊசி அதிகம் தேவைப்படுகிறது என்பது என் கணிப்பு. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் பள்ளி வயதுக் குழந்தைகள். ஒருமுறை வந்துபோனால் மறுபடி வராது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எனவே "இவனுக்கு ரெண்டு தடவ வந்துருச்சு, இனி எதுக்கு ஊசி" என்ற கணக்கு பொருந்தாது. அப்படி வந்ததாகச் சொல்லப்படும் காய்ச்சல்களில் பல, வைடால் என்ற ஒற்றை இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பிச் சொல்லப்பட்டவை. இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்யாமல் அதை உறுதியாகக் கொள்ள இயலாது.

டைஃபாய்டுக்கு இரண்டு வகை ஊசிகள் விற்பனைக்கு வருகின்றன. பெற்றோர் ஏமாறுவதும் இங்கேதான். பழைய வகையான பாலிசாக்கரைடு ஊசி 2 வயதுக்குக் கீழ் பலன் தராது. மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். புதிய வகையான கான்ஜுகேட் ஊசியை 6 மாதத்திலிருந்தே போடலாம். தொடையிலோ தோளிலோ தசைக்குள் 0.5 மில்லி, ஒரே தவணை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்ததும் இதையே. நாடு தழுவிய அட்டவணைகளில் 9 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியோடு சேர்த்துப் போடலாம் என்றும் அது சொல்கிறது. இவ்வூசி நூற்றுக்கு நூறு பாதுகாப்பன்று: நேபாளத்திலும் மலாவியிலும் நடந்த சோதனைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் நோயைத் தடுத்தது. மலாவியில் நான்கு ஆண்டுக்குப் பிறகும் அப்பலன் பெருமளவு நீடித்தது. பங்களாதேஷிலோ 3 முதல் 5 ஆண்டுக்குள் ஏறத்தாழ 50 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே ஒன்பதாம் மாதத்தில் போட்ட குழந்தை பள்ளியில் சேரும்போது, இன்னொரு தவணை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. டைஃபாய்டு வந்து குணமான குழந்தைக்கு 4 முதல் 6 வாரம் கழித்துப் போடலாம். பாரா டைஃபாய்டுக் காய்ச்சலை இது தடுக்காது.

ஹெபடைடிஸ் ஏ நோயின் கதை தலைகீழானது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு இத்தொற்று வந்தால் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கு அறிகுறியே தெரியாது; சிறு வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் சோர்வு என்று கடந்துபோய், வாழ்நாள் முழுவதும் நோய் எதிர்ப்பு நிலைத்துவிடும். அதே வைரஸ் பெரிய பையனையோ வளர்ந்தவரையோ பிடித்தால் பெரும்பாலோருக்குக் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும். சில வாரங்கள் வேலைக்குப் போக முடியாது. ஏற்கெனவே கல்லீரல் கெட்டவர் என்றால் உயிருக்கே ஆபத்து. எனவே கழிவும் குடிநீரும் கலந்தே கிடக்கும் இடத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் சிறு வயதிலேயே தொற்றிப் பாதுகாப்புப் பெற்றுவிடுகிறார்கள்; பெரியவர்களிடம் காமாலை குறைவாகவே தெரியும். இத்தகைய இடங்களில் பெருந்திரளாக இந்த ஊசி போடுவதை உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தாததற்கு இதுவே காரணம். ஓரளவு வசதி கூடி, வீட்டில் வடிகட்டிய தண்ணீரோ கேன் தண்ணீரோ வந்தபிறகுதான், தொற்றாமல் வளர்ந்த பிள்ளைகள் பதின்ம வயதில் ஒரு கல்யாணப் பந்தியிலோ கந்தூரிச் சோற்றிலோ முதன்முறையாக அதைச் சந்திக்கிறார்கள். சுகாதாரம் பாதி மேம்பட்ட ஊரே இந்நோய்க்கு ஏற்ற இடம்.

இந்த வேறுபாடு நடைமுறையில் எப்படி வருகிறது என்பதைக் கற்பனையான இரு குடும்பங்களைக் கொண்டு பார்க்கலாம். தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகுத் தொழிலாளியின் வீடு: 9 மாதக் கைக்குழந்தை, 5 வயது மகன், 14 வயது மகள், தண்ணீர் ஊற்றிலிருந்தும் வாரம் சில நாள் வரும் குழாயிலிருந்தும். இவர்கள் முதலில் வாங்க வேண்டியது டைஃபாய்டு கான்ஜுகேட் ஊசி, மூன்று பிள்ளைகளுக்கும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், அடுத்த சில ஆண்டுகளில் அதிக ஆபத்து 5 வயதுப் பையனுக்கே என்பதால் அவனிலிருந்து தொடங்கலாம். கைக்குழந்தைக்கு ஹெபடைடிஸ் ஏ ஊசிக்கு இன்னும் வயதும் ஆகவில்லை. 14 வயது மகள் இதே தண்ணீரில் வளர்ந்தவள் என்பதால் ஏற்கெனவே பாதுகாப்புப் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம்.

மற்றொன்று கீழக்கரையில், தந்தை வளைகுடா நாட்டில் வேலை செய்யும் வீடு: மாடியில் தொட்டி, அடுப்படியில் ஆர்.ஓ. இயந்திரம், 2 வயதிலும் 16 வயதிலும் பிள்ளைகள். இங்கே டைஃபாய்டு ஊசி தேவையில்லை என்றில்லை. பிள்ளைகள் வெளியிலும் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஹெபடைடிஸ் ஏ ஊசியால் அதிகம் பயன்பெறும் வீடு இதுதான். பதினாறு வயதுப் பிள்ளைக்கும், முன்பு இந்நோய் வந்ததா என்று தெரியாத தந்தைக்கும், ஊசிக்கு முன் ஹெபடைடிஸ் ஏ ஐ.ஜி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனை செய்தால், ஏற்கெனவே பாதுகாப்பு இருப்பவருக்கு ஊசிச் செலவு மிச்சமாகும். ஆய்வகத்தில் ஐ.ஜி.எம். என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது தற்போதைய நோயைக் காட்டும் பரிசோதனை. பழைய பாதுகாப்பை அது சொல்லாது.

ஹெபடைடிஸ் ஏ ஊசியிலும் இரண்டு வகை உண்டு. செயலிழந்த வைரஸ் ஊசியை ஒரு வயது நிறைந்ததும் தொடங்கி 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை போடுவார்கள். வளர்ந்தவர்களுக்கு மருந்தளவு வேறு. உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ் ஊசி ஒரே தவணை. ஆனால் கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்புத் திறனைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் அதைப் போடக் கூடாது. வீட்டில் ஒருவருக்குக் காமாலை உறுதியானால், மற்றவர்களுக்குத் தொற்றுத் தொடர்பு ஏற்பட்ட 14 நாட்களுக்குள் ஊசி போட்டால் பலன் உண்டு. கண் மஞ்சளாவதற்கு ஓரிரு வாரம் முன்பிருந்தே நோயாளி மலத்தில் வைரஸை வெளியேற்றுகிறார் என்பதால், மஞ்சள் தெரிந்தபின் அவரைத் தனியாக வைப்பது மட்டும் போதாது. கர்ப்பிணிகளுக்கு மிகவும் ஆபத்தான ஹெபடைடிஸ் ஈ வேறு வைரஸ். இந்த ஊசி அதற்கு உதவாது.

சட்டம் ஊசியைக் கட்டாயமாக்கும் இடம் ஒன்று உண்டு. உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகள், 2011இன் 4ஆம் அட்டவணை, உரிமம் பெற்ற நிறுவனங்கள் பணியாளர்களை ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தவும், குடல் தொற்று வகை நோய்களுக்கு எதிராகத் தடுப்பூசி போட்டு அதற்கான பதிவை ஆய்வுக்கு வைத்திருக்கவும் சொல்கிறது. இராமேசுவரத்திலும் ஏர்வாடியிலும் வெளியூர்க் கூட்டத்துக்குச் சமைத்துப் போடும் உரிமம் பெற்ற உணவகங்களில் வேலை செய்பவர், டைஃபாய்டு ஊசிக்கான ஏற்பாட்டை முதலாளியிடம் இவ்விதியைச் சுட்டிக் கேட்கலாம். ஏற்பாட்டுப் பொறுப்பை விதி நிறுவனத்தின் மீதே வைக்கிறது. விதி டைஃபாய்டு என்றோ ஹெபடைடிஸ் ஏ என்றோ பெயர் குறிப்பிடவில்லை. பொதுவாக டைஃபாய்டு ஊசியே போடப்படுகிறது. ஊசி போடாமல் மருத்துவச் சான்றிதழில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வதும் நடக்கிறது என்பதால், தொகுதி எண்ணும் தேதியும் உள்ள ஊசி அட்டையைப் பணியாளர் தம்மிடம் வைத்துக்கொள்வது நல்லது.

மருந்துக் கடையில் வாங்கி எடுத்துச் செல்லும்போது கவனிக்க வேண்டியது குளிர்ச்சி. இவ்வூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குப் பேருந்தில் போகும் வெயிலில் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனால் கெட்டுவிடும். அதற்குப் பயந்து பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டி வைப்பதும் தவறு, ஏனெனில் உறைந்தால் செயலிழந்த ஹெபடைடிஸ் ஏ ஊசியும் டைஃபாய்டு கான்ஜுகேட் ஊசியும் பயனற்றுப்போகும். இடையில் துணியோ அட்டையோ வைத்துச் சுற்றித் தெர்மோகோல் பெட்டியில் வைக்க வேண்டும். போடுவதற்கு முன் குப்பியின் பெயரையும் 'கான்ஜுகேட்' என்ற சொல்லையும் காலாவதி நாளையும் படித்துப் பார்த்து, போட்ட பின் அந்தப் பெயரையும் தொகுதி எண்ணையும் தாய் சேய் நல அட்டையின் வெற்றிடத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். மறு தவணை பற்றி முடிவெடுக்கும் மருத்துவருக்கு அதுதான் தேவைப்படும்.