நாலால் வகுத்தால் மட்டும் போதுமா?

வீட்டு பட்ஜெட் போட என்னிடம் வருபவர்களின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் தவறாமல் கழியும் தொகைகளைத்தான் முதலில் பார்ப்பேன். அப்படி ஒரு குடும்பத்தில் நெட்ஃபிளிக்ஸ் பிரீமியம், 649 ரூபாய். "நாலு பேர் சார், தலைக்கு 162தான்" என்றார் அப்பா.

கணக்கு சரிதான். ஆனால் தனியாக வாங்கினால் என்ன ஆகும்? 2021 டிசம்பரில் இந்தியாவில் விலையைக் குறைத்தபோது மொபைல் பிளான் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499 என்று வைத்தார்கள். மொபைலும் பேசிக்கும் ஒரே நேரத்தில் ஒரு திரைக்கு, ஸ்டாண்டர்ட் இரண்டுக்கு, பிரீமியம் நான்குக்கு. அதாவது பகிர்ந்துகொண்ட பிரீமியத்தைவிட ஆளுக்கொரு மொபைல் பிளான் தலைக்கு 13 ரூபாய் மலிவு! இரண்டு திரைக்கு ஸ்டாண்டர்ட் 499 என்றால், இரண்டு பேசிக் 398தான். கூடுதல் பணம் படத்தின் தெளிவுக்குப் போகிறது. பேசிக்கில் 720பி, ஸ்டாண்டர்டில் 1080பி, பிரீமியத்தில் 4கே. இவர்கள் வீட்டு டிவியோ 4கே கிடையாது.

எனவே நான் தலைகளை எண்ணுவதில்லை, ஒரே நேரத்தில் ஓடும் திரைகளை எண்ணுகிறேன். கணக்கு அமைப்பில் Manage access and devices என்ற பக்கத்தைத் திறந்தால், எந்தச் சாதனத்தில் அண்மையில் பார்த்தார்கள் என்று தெரியும். இங்கே ஹால் டிவி ஒன்று, கல்லூரி போகும் மகளின் போன் ஒன்று. மகன் பெங்களூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். 2023 ஜூலையிலிருந்து ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும்தான் என்பது விதி. அவன் அறை டிவியில் ‘இந்த வீட்டைச் சேர்ந்ததல்ல’ என்ற தொனியில் அறிவிப்பு வர ஆரம்பித்துவிட்டது. அப்படியானால் வகுக்க வேண்டியது மூன்றால், தலைக்கு 216 ரூபாய்!

டிவிக்கு ஒரு பேசிக், பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு மொபைல் பிளான் என்று மாற்றினோம். மொத்தம் 497. மாதம் 152 மிச்சம், வருடத்துக்கு 1,824. மொபைல் பிளானில் போன், டேப்லெட் தவிர டிவியில் பார்க்க முடியாது. மகன் கொஞ்சம் முணுமுணுத்தான்.

யூடியூப் பிரீமியத்தில் கதை வேறு. 2024 ஆகஸ்ட் உயர்வுக்குப் பிறகு தனிநபர் 149, குடும்பம் 299. இரண்டு பேர் என்றால் தனித்தனியாக 298, ஒரு ரூபாய் குறைவு. மூன்றாவது ஆள் சேர்ந்ததும் தலைக்கு 100க்குக் கீழே வந்துவிடும், ஆறு பேர் என்றால் சுமார் 50. இங்கும் எல்லோரும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும். அப்புறம், ஒரு குடும்பக் குழுவிலிருந்து இன்னொன்றுக்கு 12 மாதத்தில் ஒரு முறைதான் மாறலாம். கல்யாணம் நிச்சயமான பெண்ணைச் சேர்க்கும் முன் புகுந்த வீட்டில் குழு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.