எஸ்கலேஷன் டைமர்: தமிழில் ‘படியேற்றக் கெடு’

ஒரு வேலை ஒருவர் பெயரில் வந்து விழுகிறது. அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் குறித்த நேரத்துக்குள் சொல்லவில்லை. அப்போது யாரும் கிளப்பாமல் தானாகவே நினைவூட்டுவதோ, வேலையை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதோ எஸ்கலேஷன் டைமரின் வேலை. சேவை மையங்களிலும் சர்வர்களைக் கண்காணிக்கும் குழுக்களிலும் அன்றாடம் புழங்கும் சொல் இது.

மூலம் லத்தீன் ‘ஸ்காலா’: ஏணி, படிக்கட்டு. ஓட்டிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நகரும் படிக்கட்டு செய்த சார்ல்ஸ் சீபெர்கர் அதற்கு ‘எஸ்கலேட்டர்’ என்று பெயர் வைத்தார். 1900 பாரிஸ் கண்காட்சியில் அது இடம்பெற்றது. வணிகப் பெயராக இருந்த சொல் பொதுச்சொல்லாகிவிட்டதென்று 1950-இல் அமெரிக்காவில் தீர்ப்பும் வந்தது. ‘எஸ்கலேட்’ என்ற வினை அந்தப் பெயரிலிருந்து பின்னால் வெட்டி எடுத்தது. பனிப்போர்க் காலத்தில் போர் படிப்படியாக முற்றுவதைக் குறிக்க அது பரவியது. நம் அகராதிகளில் ‘தீவிரமடைதல்’ என்று இருப்பது இந்தப் பொருளால்தான். பதிவான வேலைக் கோரிக்கையான டிக்கெட் விஷயத்தில் அது பொருந்தாது. பிரச்சினை முற்றவில்லை, வேலைதான் கைமாறுகிறது. ‘மேல்முறையீடு’ இன்னும் மோசம், அது தீர்ப்பை எதிர்த்துச் செய்வது.

‘மேலே அனுப்புதல்’ பாதிதான் சரி. எஸ்கலேஷன் இரண்டு வகை: மேலாளருக்குப் போவது ஒன்று, அதே மட்டத்தில் அந்த வேலை தெரிந்த வேறொருவருக்குப் போவது மற்றொன்று. அடுத்த படிக்குப் போவது இரண்டுக்கும் பொது என்பதால் ‘படியேற்றம்’ எனக்குப் பிடிக்கிறது. டைமருக்கு ‘நேரங்காட்டி’ வேண்டாம், அது கடிகாரம். இங்கே அமைப்பது ஒரு கெடு. ‘படியேற்றக் கெடு 15 நிமிடம்’ என்றால் யாருக்கும் புரியும்.

இந்தக் கெடுவை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சேவை இலக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது அதற்குள் யாராவது வேலையை ஏற்க வேண்டும். படியேற்றக் கெடுவையும் 30 நிமிடம் என்று வைத்தால், மணி அடிக்கும்போதே இலக்கு தவறிப்போயிருக்கும். 10:00 மணிக்கு வந்த வேலைக்கு 10:15-இல் உரியவருக்கு நினைவூட்டல், 10:22-இல் மாற்று ஆளின் பெயருக்கு மாற்றிவிட்டு மேற்பார்வையாளருக்குச் செய்தி என்று வைத்தால், புதியவருக்கு எட்டு நிமிடம் கிடைக்கும். அதுவும் போதாது என்று தோன்றினால் முதல் படிகளைத்தான் இன்னும் சீக்கிரமாக வைக்க வேண்டும்.

சரி, 10:22-இல் பெயர் மாறியதும் கடிகாரம் என்ன ஆகிறது? சில அமைப்புகளில் இலக்குக் கடிகாரமே பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். மாற்று ஆள் 10:45-க்கு வேலையை ஏற்கிறார். அறிக்கையில் 23 நிமிடம், இலக்குக்குள் என்று பச்சையாகக் காட்டும். கேட்டவர் காத்திருந்ததோ 45 நிமிடம். இதற்காகத்தான் இரண்டு கடிகாரங்கள் தேவை. வேலை வந்த நொடியிலிருந்து ஓடும் இலக்குக் கடிகாரத்தை ஆள் மாறினாலும் தொடக்கூடாது. படிக்குப் படி புதிதாகத் தொடங்குவது படியேற்றக் கெடு மட்டும். உங்கள் அறிக்கையில் சந்தேகம் இருந்தால், இரண்டு மூன்று முறை கைமாறிய டிக்கெட்டுகளைத் தனியே எடுத்து, முதலில் வந்த நேரத்திலிருந்து கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடிகாரத்தை எது நிறுத்த வேண்டும் என்பதில் இன்னொரு சிக்கல். ‘அக்னாலெட்ஜ்’ என்பதற்கு ‘ஒப்புகை’ என்று எழுதுகிறோம். ஒப்புகைச் சீட்டு என்பது ‘வந்து சேர்ந்தது’ என்று மட்டும் சொல்வது. ‘உங்கள் கோரிக்கை கிடைத்தது’ என்று இயந்திரம் தானாக அனுப்பும் மின்னஞ்சலும் அதே ரகம். அது கெடுவை நிறுத்தும்படி அமைத்துவிட்டால் எந்த வேலையும் என்றைக்கும் படியேறாது. கெடுவை நிறுத்த வேண்டியது ஒரு மனிதர் ‘இது என் பொறுப்பு’ என்று சொல்வது. அதை ‘ஏற்பு’ என்று எழுதலாம்.

ஏற்பிலும் ஏமாற்று உண்டு. இரவில் போன் அலறுவதை நிறுத்த, தூக்கத்திலேயே பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்துவிடுவார்கள். (அவர்களைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை.) பதிவேட்டில் இது தெரியும்: ஏற்பு சில நொடிகளில் வந்திருக்கும், முதல் வேலைக்குறிப்பு மணிக்கணக்கில் கழித்து இருக்கும். இதற்குத் தீர்வு ஏற்புக்கும் ஒரு கெடு வைப்பது. ஏற்ற பிறகு அரை மணி நேரம் எந்த அசைவும் இல்லையென்றால் வேலை மறுபடி ஏற்கப்படாத நிலைக்குப் போய், படியேற்றம் திரும்பத் தொடங்கும்.