உதவி ஏன் சிலருக்கு வலிக்கிறது?

என் பெரியம்மா மகள் அக்கா பட்டர்வொர்த்தில் இருக்கிறார். அவர் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்தவர். ஆட்குறைப்பு வந்தபோது ஒரு பழைய வேன் வாங்கி, ஏர்கோன் பொருத்தும் வேலையில் இறங்கினார். கைவேலை சுத்தம். விலை போடும்போதுதான் தடுமாறுவார்.

போன வருடம் பிறையில் ஒரு வீட்டுக்கு 4 ஏர்கோன் பொருத்த விலை சொன்னார். செம்புக் குழாய் 10 அடி வரை கூலியிலேயே அடங்கிவிடும், அதற்கு மேல் போனால் அடிக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். அந்த வீட்டில் வெளி யூனிட்டுகளைப் பின்சுவரில்தான் வைக்க முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் 20 அடி இழுத்தது. கூடுதல் குழாயை அவர் விலையில் சேர்க்கவே இல்லை. 700 வெள்ளி கையை விட்டுப் போனது.

அக்கா வேறொரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். ரசீதைப் பார்த்ததும், “என்கிட்ட ஒரு தடவ காட்டியிருக்கலாம்ல? இனிமே விலையெல்லாம் நான் போட்டுத் தரேன்” என்றார். உதவிதான். ஆனால் மாமா, “வீட்டுக்காரங்க கடைசி நேரத்துல இடத்த மாத்துனாங்க, உனக்கென்ன தெரியும்” என்று எழுந்து போய்விட்டார். மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை.

இதை வறட்டு கௌரவம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆய்வாளர்கள் நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர் நயல் போல்கரும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அதில் முக்கியமானது. நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் தினம் தனித்தனியாகக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். படிப்பவர், “இன்று எனக்கு உதவி கிடைத்ததா?” என்று எழுத வேண்டும். துணை, “இன்று நான் உதவினேனா?” என்று எழுத வேண்டும்.

உதவி கிடைத்தது என்று படிப்பவர் எழுதிய நாட்களில் அவருடைய மனச்சோர்வு கூடியிருந்தது. கஷ்டமான நாளில்தானே உதவி வரும், அதனால் அப்படித் தெரிகிறதோ என்று சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் துணை உதவியதாக எழுதி, படிப்பவர் அதைக் கவனிக்காமலே விட்ட நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் மனச்சோர்வு குறைந்திருந்தது. உதவியின் பயன் கிடைத்தது, “என்னால் தனியாக முடியவில்லை” என்ற செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை. இதைக் கண்ணுக்குத் தெரியாத ஆதரவு என்கிறார்கள்.

அக்காவின் வார்த்தைகளில் உதவி பாதி, தீர்ப்பு பாதி. வேலை போன பிறகு “இதுவாவது என் கையில் இருக்கிறது” என்று மாமா பிடித்துக்கொண்டிருந்தது அந்த வேனைத்தான். அதிலும் மனைவி வந்து கணக்கைத் திருத்தினால், அவர் காதில் 700 வெள்ளி விழாது. “நீ இதற்கும் லாயக்கில்லை” என்பதுதான் விழும்.

கண்ணுக்குத் தெரியாமல் உதவுவது என்றால் திருட்டுத்தனமாகச் செய்வது என்று அர்த்தமில்லை. அவருக்குத் தெரியாமல் ரசீதைத் திருத்தி, அது ஒருநாள் தெரியவந்தால் முன்னைவிட மோசமாகிவிடும். தம்பதிகளின் உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்த ஆய்வாளர்கள் கவனித்தது வேறு. நன்றாக உதவுபவர் பேச்சின் வெளிச்சத்தை எதிராளி முகத்தில் அடிக்காமல் சற்றே தள்ளிப் பிடிக்கிறார். தன் அனுபவத்தையோ இன்னொருவர் கதையையோ சொல்கிறார். யார் உதவுகிறார், யார் வாங்கிக்கொள்கிறார் என்ற கோடே தெரியாதபடி பேசுகிறார்.

அக்கா இரண்டு வாரம் கழித்துச் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ஒரு சனிக்கிழமை காலையில், “ஏங்க, எங்க ஆபீஸ்ல விலைப்பட்டியல்ல ஒரு வரி விட்டுட்டேன், முதலாளி கூப்பிட்டுக் கேட்டாரு. இப்பெல்லாம் ஒரு அச்சுத் தாள் வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் பண்றேன்” என்று தன் கதையைச் சொன்னார். அது உண்மையில் நடந்ததுதான். பொய்யாகச் சொல்லியிருந்தால் நான் இங்கே எழுதியிருக்கவே மாட்டேன். அப்புறம் அந்தத் தாளை மேசையிலேயே விட்டுவிட்டு, “இந்த ரூம் ஏர்கோன்ல தண்ணி சொட்டுது, கொஞ்சம் பாருங்களேன்” என்றார்.

அந்தக் கடைசி வரிக்கும் ஆய்வில் இடம் இருக்கிறது. 2003-இல் இதே குழுவைச் சேர்ந்தவர்கள் தம்பதிகளின் தினக்குறிப்புகளை வேறு கோணத்தில் பார்த்தார்கள். உதவி வாங்கியது மட்டும் நடந்த நாளில் மனம் வாடியது. அதே நாளில் தானும் துணைக்கு ஏதாவது செய்து கொடுத்திருந்தால் அந்த வாட்டம் தணிந்தது. கௌரவக்காரருக்கு உதவும் நாளில் அவரிடமும் ஓர் உதவி கேளுங்கள். சும்மா பெயருக்குக் கேட்கக் கூடாது, உண்மையிலேயே உங்களுக்கு வேண்டியதாக இருக்க வேண்டும். அவர் கையாலாகாதவர் இல்லை என்பதை அந்த வேலையே அவருக்குச் சொல்லும்.

தவறை ஒப்புக்கொள்வது இன்னும் கடினம். ஒகிமோட்டோவும் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்புக் கேட்க மறுத்தவர்களுக்கு அந்த மறுப்பாலேயே தன்மதிப்பும் அதிகாரம் தன் கையில் இருக்கும் உணர்வும் கூடியது தெரிந்தது. “இல்லை” என்று சொன்ன அந்த நொடி ஒரு தெம்பு தருகிறது. அதை வாதாடிப் பிடுங்கப் பார்த்தால் பிடி இறுகத்தான் செய்யும். அந்தத் தெம்பு வேறெங்கிருந்தாவது வர வேண்டும். கரீனா ஷூமன் 2014-இல் இதைச் சோதித்தார். தனக்கு எது முக்கியம், எதற்காக வாழ்கிறேன் என்று கொஞ்ச நேரம் எழுதியவர்கள், அதன் பிறகு நிறைவாக மன்னிப்புக் கேட்டார்கள், சாக்குப்போக்குக் குறைந்தது.

வீட்டில் யாரும் கட்டுரை எழுதப் போவதில்லை. ஆனால் மாமா தன் அம்மாவுக்கு வாரந்தோறும் மருந்து வாங்கிக் கொடுத்து, உட்கார்ந்து பேசிவிட்டு வருபவர். அதைப் பற்றி அக்கா மனதாரப் பேசுவது, குழாய்க் கணக்குப் பேச்சுக்கு நல்ல வழி திறக்கும். தப்பு நடந்த இடத்தைவிட்டு வேறிடத்தில் இருக்கும் நல்லதைப் பேசுவது நல்லது. “நீங்க நல்லா வேலை செய்றீங்க, ஆனா இந்த விலை...” என்றால் முதல் பாதி தூண்டில் என்று யாருக்கும் தெரியும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவே வேண்டாம்.

எல்லா நேரத்துக்கும் இது பொருந்தாது. மனம் உடைந்து உட்கார்ந்திருப்பவருக்கு வெளிப்படையான அரவணைப்புத்தான் வேண்டும், பக்கத்தில் போய் உட்காருங்கள். சர்க்கரை எகிறியும் கிளினிக் போக மறுக்கிறார், ஆலோங்கிடம் கடன் வாங்கியிருக்கிறார் என்றால் நாசூக்குக்கு நேரமில்லை, நேராகப் பேச வேண்டும். எந்தத் தப்புக்கும் உங்களையே குற்றவாளியாக்கி, பயமுறுத்தி, பணத்தையும் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்துகிறார் என்றால் அது கௌரவப் பிரச்சினையே இல்லை. மென்மையாக நடந்து அதைச் சரிசெய்யும் பொறுப்பும் உங்களுடையதில்லை. தாலியான் காசே உதவிச் சேவையை 15999 எண்ணில் அழைக்கலாம்.

மாமா அந்தத் தாளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேன் டேஷ்போர்டில் கைப்பட எழுதிய ஒரு தாளை அக்கா பார்த்தார். முதல் வரியில் ‘குழாய் எத்தனை அடி’ என்று இருந்தது. அன்று சாயந்திரம் வேனைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், “அந்தப் பிறை வீட்டுல பைப்ப நான் சேர்க்க மறந்துட்டேன்” என்றார். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்பது அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்ததாம். “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறார்.