பொங்கல் வாழ்த்துப் படத்தில் பால் மட்டும் பொங்கினால் போதும்

பண்டிகைக் காலையில் குடும்பக் குழுக்களில் வந்து குவியும் அசையும் வாழ்த்துப் படங்களில் பலவற்றின் எழுத்தைப் படிக்கவே முடிவதில்லை. படம் முழுக்க மினுமினுப்பு கொட்டுகிறது, வாழ்த்து மின்னி மறைகிறது, தரவிறங்கவும் நேரமாகிறது. இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: அசைய வேண்டாதவை எல்லாம் அசைகின்றன.

ஒரு பொங்கல் படத்தை எடுத்துக்கொள்வோம். 480 x 480 பிக்சல் சதுரம். நடுவில் பானை, இருபுறம் கரும்பு, மேலே ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’. ஜிஃப் கோப்பில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் என்று கொண்டால், அசைவு என்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் சட்டகங்கள்தான்; சுருக்குவதற்கு முன் ஒரு முழுச் சட்டகம் 225 கேபி. இந்தப் படத்துக்கு ஒன்பது சட்டகங்கள் என்று கொண்டு, அவை அனைத்தையும் முழுதாக வைத்தால் 2 எம்பியைத் தொடும். ஆனால் உண்மையில் அசைய வேண்டியது பானை வாயில் எழும் நுரை மட்டுமே. அதற்கு 160 x 120 பிக்சல் போதும். முழுப் படத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. முதல் சட்டகத்தை முழுதாகவும் மீதி எட்டை இந்தத் துண்டாகவும் வைத்தால் மொத்தம் 375 கேபிதான். சுருக்கிய பிறகு இன்னும் குறையும்.

கிம்ப் மென்பொருளில் இதைச் செய்வது எளிது. அடி லேயரில் எழுத்தோடு முழுப் படம். அதன் மேல் எட்டு நுரைத் துண்டுகள்: ஐந்தில் நுரை ஏறுகிறது, மூன்றில் இறங்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் நுரைக்குப் பின்னால் தெரியும் பானை விளிம்பையும் பின்னணியையும் சேர்த்தே வரைய வேண்டும். இல்லையென்றால் முந்தைய நுரை அழியாமல் தேங்கி நிற்கும். நேரத்தையும், துண்டை முந்தைய படத்தின் மேலேயே வைக்கச் சொல்லும் `combine` என்ற குறிப்பையும் லேயர் பெயரிலேயே எழுதலாம்:

```
padam (2500ms)
nurai1 (120ms)(combine)
nurai2 (120ms)(combine)
```

அந்த 2500 மில்லிநொடிதான் எழுத்துக்கான நேரம். எழுத்து நிலையாகவே இருந்தாலும், பக்கத்தில் ஏதாவது அசையும்போது கண் அங்கேதான் போகும். நுரை அடங்கி நிற்கும் இரண்டரை நொடியில் மூன்று சொற்களை நிதானமாகப் படித்துவிடலாம். ஒரே சட்டகத்தை நீட்டி நிறுத்துவதால் கோப்பின் அளவும் கூடாது. அது வெறும் ஓர் எண். அதே சட்டகத்தை இருபது தடவை நகலெடுத்து நிறுத்துவது தேவையற்ற வேலை.

நிறங்களை 64 ஆகக் குறைத்து, டிதரிங்கை அணைத்துவிடுங்கள். டிதரிங் என்பது இல்லாத நிறத்தைப் புள்ளிகளால் பாவனை செய்வது. ஜிஃப்பின் சுருக்கமுறை ஒரே நிறம் தொடர்ந்து ஓடும் வரிகளில்தான் நன்றாக வேலை செய்யும். புள்ளிகள் அந்த ஓட்டத்தை உடைத்துவிடும். புகைப்படத்தைப் பின்னணியாக வைத்தால் கோப்பு ஊதுவதும் இதனால்தான். தட்டையான நிறத்தில் வரைந்த ஓவியமே நல்லது. ஏற்றுமதி செய்யும்போது `As animation` குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுவிட்டால் அசையாத படம்தான் கிடைக்கும்.

சொற்களை ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றச் செய்யும் ஆசை பலருக்கும் உண்டு. தமிழில் அது உடைந்துவிடும். கணினிக்கு ‘பொ’ என்பது ப, அதன் பின் ஒரு குறி. எனவே முதலில் ‘ப’ வரும். அடுத்த கணம் அதன் இடப்புறம் கொம்பு முளைத்து, எழுத்து வலப்பக்கம் தள்ளப்படும். ‘ல்’ முதலில் ‘ல’ ஆக நின்று பிறகு புள்ளி பெறும். அவசியம் தோன்றச் செய்ய வேண்டும் என்றால் முழுச் சொல்லாகக் கொண்டுவாருங்கள். அப்போதும் முதல் சட்டகத்தில் வாழ்த்து முழுதாக இருக்கட்டும். ஓடத் தொடங்குமுன் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். அது காலியாக இருந்தால் காலிப் படமே தெரியும்.

இன்னொரு சிக்கல் அனுப்பும்போது வருகிறது. வாட்ஸ்அப் ஜிஃப்பை எம்பி4 வீடியோவாக மாற்றுகிறது. அந்த வீடியோவில் வெளிச்ச விவரம் முழுதாக இருக்கும். நிற விவரமோ அகலத்திலும் உயரத்திலும் பாதியாகிவிடும். வாழை இலைப் பச்சையின் மேல் சிவப்பு எழுத்து வைத்தால், இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஓரம் கலங்கும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘பொங்கல்’ ‘பொஙகல’ ஆகிவிடும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதிலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் வீடியோவிலும் தெரியும். கரும்பச்சையில் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் எழுத்து பிழைக்கும். தடித்த எழுத்துருவில் 40 பிக்சலுக்குக் குறையாமல், புள்ளியின் குறுக்களவு ஐந்தாறு பிக்சலாவது வருமாறு வையுங்கள். ‘நல்வாழ்த்துகள்’ நீளமான சொல் என்பதால் அதற்குத் தனி வரி கொடுங்கள்.

இதையே ஸ்டிக்கராகச் செய்வதானால் கணக்கு வேறு. வாட்ஸ்அப்பின் அசையும் ஸ்டிக்கர் வெப்பி கோப்பாக, 512 x 512 பிக்சலில், 500 கேபிக்குள், 10 நொடிக்கு மிகாமல் இருக்க வேண்டும். உரையாடலில் அது படத்தைவிடச் சிறிதாகத்தான் தெரியும். அதனால் மூன்று சொல் வாழ்த்தை அதில் திணிக்காமல் ‘பொங்கலோ பொங்கல்’ என்று இரண்டு வரியில் பெரிதாக எழுதிவிடலாம்.