கும்பினி ஓவியத்தை ‘நிறுவன ஓவியம்’ ஆக்காதீர்கள்

ஆங்கிலத்தில் ‘கம்பெனி பெயின்டிங்’ என்பதைத் தமிழில் கண்காட்சிப் பலகை, கட்டுரை, பாடக்குறிப்பு என எங்கு பார்த்தாலும் ‘நிறுவன ஓவியங்கள்’ என்றே எழுதுகிறார்கள். படிப்பவருக்கு என்ன தோன்றும்? ஏதோ அலுவலக வரவேற்பறையில் மாட்டிய படம் என்றுதான்.

சொல்லின் கதை சின்னது. ஐரோப்பியர்களுக்காக இந்திய ஓவியர்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வரைந்தவற்றுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியை வைத்துப் பின்னாளில் இட்ட ஆங்கிலப் பெயர் அது. அந்தக் கம்பெனியை நம் ஆட்கள் அன்றே ‘கும்பினி’ என்றார்கள். கட்டபொம்மன் கதைப்பாடல்களில் வருவதும் அதுதான்.

‘நிறுவனம் தூய தமிழ், கும்பினி திரிந்த சொல்’ என்பார்கள். சரி, தூய்மை இருக்கட்டும், பொருள் எங்கே போனது? ‘நிறுவன ஓவியம்’ என்றால் நிறுவனம் காசு கொடுத்து வரையச் சொன்னது என்றாகிறது. கல்கத்தா தாவரத் தோட்டத்துச் செடிப் படங்கள் போலச் சிலவற்றுக்கு அது பொருந்தும், ஆனால் பெரும்பாலானவை தனிமனிதர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கியவை. 1770களின் இறுதியில் கல்கத்தாவில் ஷேக் சைனுத்தீனை அமர்த்திப் பறவைகளை வரைய வைத்த மேரி இம்பேயின் கணவர் கம்பெனி ஊழியர்கூட இல்லை, அரசர் நியமித்த தலைமை நீதிபதி. அப்புறம் எந்த நிறுவனத்தின் ஓவியம் அது? ‘கும்பினி’ என்றால் அந்தக் காலமும் அந்தத் துரைமார் உலகமும் சேர்ந்தே வரும், நிறுவனம் என்ற சொல்லில் கணக்கர் மேசை மட்டும்தான் வருகிறது.

‘ஐரோப்பிய பாணி’ என்று எழுதுவதும் அரைகுறைதான். தஞ்சாவூரில் வரைந்த தொழிலாளர் தம்பதிப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் தொழிற்கருவிகளோடு நிற்பார்கள், கீழே சாதியோ தொழிலோ எழுதியிருக்கும். தாள் ஐரோப்பாவிலிருந்து வந்தது, வண்ணம் நீர்வண்ணம். காலடியில் தரையில் விழும் நிழலும் துரைமார் ரசனைக்காக வந்ததுதான், நம் மரபு ஓவியத்தில் அப்படி நிழல் வரைவதில்லை. ஆனால் கண்ணையும் புருவத்தையும் பாருங்கள், கோயில் சுவரில் பழகிய கையின் அழுத்தமான கோடு. சேலைக் கரையின் பூவேலையும் அப்படியே, துளி விடாமல். இரண்டும் ஒரே உருவத்தில் கலந்து நிற்பதுதான் இந்தப் பாணி.

மொழிபெயர்ப்பவர்கள் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் போதும், அகராதியை மட்டும் புரட்டுவதால் வருகிற வினை இது. வெறுமனே ‘தஞ்சாவூர் ஓவியம்’ என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. அப்படி எழுதினால் பலகையில் தங்கத்தாள் ஒட்டி, கல் பதித்த கிருஷ்ணர்தான் நினைவுக்கு வருவார். தாளில் நிற்கும் இந்தத் தம்பதிக்குத் ‘தஞ்சைக் கும்பினி ஓவியம்’ என்றே எழுதலாம்.